எந்தக் கண் என்று கேட்கவில்லை

என் தம்பிக்கு இடது கண் பார்வை போனதில் எனக்கும் பங்கு உண்டு. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவனும் இதுவரை சொன்னதில்லை. யாருமே சொல்லாததால் நானே எழுதி வைக்கிறேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை. தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டால் வேறு அளவு சொல்வாள். தம்பி சிறுமலையிலிருந்து வாழைத்தாரும் மிளகு மூட்டையும் இறக்குகிற சொந்தச் சரக்கு வேன் ஓட்டினான். ஐந்தாம் வகுப்பிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் பேசிக்கொண்டே இறங்கிவிடுவான்.

வீட்டுக்கு வந்தாலும் அவனுக்கு வண்டிதான். கம்ப்யூட்டரில் கார் பந்தயம். "பகல் பூரா ஓட்டுனது பத்தாதாலே?" என்று அம்மா கேட்பாள். "இதுல எதுக்க பஸ் வராதும்மா" என்பான். அந்தக் கம்ப்யூட்டரை நான்தான் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன். மானிட்டர் மட்டும் ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட பழசு. ஜனவரி கடைசியில் அவன் பிறந்தநாளுக்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். இருபத்து நான்கு அங்குலம், லேசாக வளைந்த திரை, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 165 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 165 முறை படம் மாற்றும். கேமிங் மானிட்டர்களில் விலை குறைந்த ரகம்தான். ஆனாலும் அவன் அந்தப் பெட்டியைக்கூடக் கடாசவில்லை.

முதல் வாரமே குறை வந்தது.

"அக்கா, வளைவுல சட்டுனு திருப்புனா படம் குறுக்க வெட்டுப்படுதுக்கா. மேல் பாதி ஒரு பக்கம் நிக்கிது, கீழ் பாதி தள்ளிப் போகுது."

பார்த்தேன். சரியாகத்தான் சொன்னான். இதற்கு டெயரிங் என்று பெயர். கணினி தன் போக்கில் நொடிக்கு எண்பது, தொண்ணூறு படம் வரைந்து தள்ளுகிறது. திரை தன் போக்கில் படத்தை மாற்றுகிறது. திரை ஒரு படத்தைப் பாதி காட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்துவிட்டால், மேலே பழசும் கீழே புதுசுமாக நிற்கும். செட்டிங்கைத் திறந்தேன். 165 ஹெர்ட்ஸ் திரையை விண்டோஸ் 60-லேயே ஓட்டிக்கொண்டிருந்தது. புது மானிட்டரை மாட்டினால் இதைப் போய் மாற்ற வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் என் வீட்டில் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

முதலில், கணினியின் வேகத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடுகிற வி-சிங்க் போட்டுப் பார்த்தேன். வெட்டு நின்றது. ஆனால் "ஸ்டீரிங் பின்னாடியே வருதுக்கா" என்றான். அவன் டிரைவர், அந்தச் சின்னத் தாமதம் அவன் கைக்குத் தெரியும். எடுத்துவிட்டேன். பெட்டியோடு வந்த எச்டிஎம்ஐ ஒயரில் முழு வேகமும் வரவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் டிஸ்ப்ளே போர்ட் ஒயர் வாங்கி மாட்டினேன். இப்போது பட்டியலில் 165 வந்தது, தேர்ந்தெடுத்தேன். வெட்டு குறைந்ததே தவிரப் போகவில்லை. அப்புறம்தான் மானிட்டருக்கு அடியில் இருக்கிற குட்டிப் பொத்தானை அழுத்தி அதனுடைய மெனுவுக்குள் போனேன். அடாப்டிவ் சிங்க் என்ற வரியில் 'ஆஃப்' என்று இருந்தது. அதை 'ஆன்' செய்து, கிராபிக்ஸ் கார்டின் செட்டிங்கிலும் அனுமதி கொடுத்தேன். இனி திரை தன் போக்கில் ஓடாது. கணினி படம் முடிக்கிறவரை காத்திருந்து மாற்றும். படங்களின் எண்ணிக்கை திரையின் உச்ச வேகத்தைத் தாண்டிவிடாதபடி ஒரு வரம்பும் வைத்தேன்.

அவன் முதல் வளைவைத் திருப்பினான். படம் தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு போனது. "அக்கா!" என்று எழுந்து என் கன்னத்தைக் கிள்ளினான். இருபத்தெட்டு வயதுத் தடியன். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

மூன்று நாள் கழித்து அடுத்த குறை. "இருட்டான எடத்துல மினுக்குதுக்கா." அதையும் பார்த்தேன். அதுவும் உண்மைதான். பந்தயப் பாதையில் ஒரு சுரங்கம் வரும். அதற்குள் நுழையும்போது கறுப்பெல்லாம் லேசாகத் துடித்தது. இந்த விலையில் இந்த ரகத் திரைக்கு அது வழக்கமான நோய். கணினி திணறி, திரையின் வேகம் ஏறி இறங்கும்போது வெளிச்சமும் கூடக் குறைய ஆகும். விளையாட்டின் கிராபிக்ஸ் பகட்டையெல்லாம் குறைத்து, வேகம் சட்டென்று விழாதபடி செய்தேன். 165 வேண்டாம் என்று 120-க்கு இறக்கினேன், ஏற்ற இறக்கம் குறையட்டும் என்று. சுரங்கத்துக்குள் ஐந்து முறை போய் வந்தேன். துடிப்பு இல்லை.

"இன்னும் இருக்குக்கா" என்றான். "ஓரத்துல பளிச் பளிச்சுனு மின்னுது. மின்னல் கணக்கா."

"அது இந்த மாதிரித் திரையில இருக்கும்லே."

மறுநாள் மறுபடியும் சொன்னான். பள்ளியில் செய்முறைத் தேர்வு முடிந்து களைத்து வந்திருந்தேன். கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது எனக்கு. அடாப்டிவ் சிங்க்கை அணைத்தேன், போட்டேன், மறுபடி அணைத்தேன். அணைத்தபோதும் மின்னுகிறது என்றான். திரையின் கோளாறாக இருந்தால் அணைத்ததும் நிற்க வேண்டும். அந்த இடத்தில் என் புத்தி நின்று யோசித்திருக்க வேண்டும்.

நான் கத்தினேன். "நானும் இதே திரையத்தான பாக்கேன்? எனக்குத் தெரியாதது உனக்கு மட்டும் எப்பிடிலே தெரியும்?"

கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அதைக் கேள்வியாக நான் கேட்கவில்லை.

அவன் என் முகத்தைப் பார்த்தான். உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டினான். "இல்லக்கா, மின்னல் போயிருச்சு" என்றான். அவன் பிடரியில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காபி போடப் போனேன்.

அந்த வாரமே சாம்பல் புதன் வந்தது, ஈஸ்டர் வரைக்குமான தவக்காலத்தின் முதல் நாள். தவக்காலத்துக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்றை விடுவோம். அம்மா காபியை விடுவாள். நான் கோபத்தை விடுவதாகச் சொல்லி முதல் வாரத்திலேயே தோற்றுப்போவேன். அவன் விளையாட்டை விட்டான். மானிட்டரின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, "இனி ஈஸ்டருக்குத்தான்" என்றான். குறை சொல்ல யாரும் வராததால், நான் சரி செய்துவிட்டேன் என்றே நம்பினேன்.

திரையை மூடிய பிறகும் அவனுக்கு மின்னியிருக்கிறது. மலைப்பாதையில் மர நிழலுக்குள் நுழையும்போதெல்லாம் மின்னியிருக்கிறது. பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் மிதந்திருக்கின்றன. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தவக்காலத்தின் இரண்டாவது வாரம், ஒரு காலையில் வேன் இடப்பக்கம் முழுக்கக் கீறலோடு வந்து வாசலில் நின்றது. மலையில் ஒரு வளைவின் தடுப்புச் சுவரில் உரசியிருந்தான். இன்னும் ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

"ஏலே, தூங்கிட்டியா?"

"இல்லக்கா. செவுரு இருந்ததே தெரியல. அந்தப் பக்கம் கறுப்பாத் துணி தொங்குற மாதிரி இருக்கு. நேத்துல இருந்து நடுவுலயும் வந்துருச்சு."

அவன் வலது கண்ணை என் கையால் பொத்தினேன். இன்னொரு கையை அவன் முன்னால் ஆட்டினேன்.

"கையி ஆடுறது தெரியுது" என்றான். "உன் மொகந்தான் தெரியலக்கா."

அப்படியே வாடகைக் கார் பிடித்து மதுரைக்குப் போனோம். செம்மண் காடு பின்னால் ஓட ஓட, ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணியும் உருட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கண் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, நெடுநேரம் விளக்கு வைத்துப் பார்த்தார். விழித்திரை விலகிவிட்டது என்றார். கிட்டப்பார்வை இவ்வளவு கூடுதலாக இருக்கிறவர்களுக்கு வரக்கூடியதுதானாம்.

"முன்னாடி மின்னல் மாதிரி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுச்சு டாக்டர்."

"எத்தனை நாளா?"

அவன் என்னைப் பார்த்தான். "இப்பத்தான் டாக்டர், ஒரு ரெண்டு மூணு நாளா" என்றான். அந்த நிலையிலும் என்னைக் காப்பாற்றப் பார்த்தான்.

"மூணு வாரம் ஆச்சு டாக்டர்" என்றேன். "நான் மானிட்டர்னு நெனச்சேன்."

அவர் பேனா நின்றது. திட்டவில்லை. "மின்ன ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா, லேசர் வச்சே நிறுத்தியிருக்க வாய்ப்பு இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

ஆபரேஷன் நடந்தது. விலகிய விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய் நிரப்பினார்கள். அந்த எண்ணெய் சரியான இடத்தில் அழுத்துவதற்காக, வீட்டில் அவன் பகலெல்லாம் குப்புறப் படுத்துக் கிடந்தான். நான் தரையில் உட்கார்ந்து அவனுக்கு ஊட்டினேன். "ஏன் அப்பு எங்கிட்ட பொய் சொன்ன?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீ சரி பண்ணிட்டேன்னு அம்புட்டு சந்தோசமா இருந்தக்கா. மறுபடி மறுபடி சொன்னா உனக்குக் கோவம் வருது. ஸ்கிரீனு பாத்த சூடுதான், தானாப் போயிரும்னு இருந்துட்டேன்."

பார்வை திரும்பவில்லை. வெளிச்சம் தெரிகிறது, அசைவு தெரிகிறது, அவ்வளவுதான். இனிச் சரக்கு வண்டி ஓட்ட முடியாது. வேனை வாங்கிக்கொள்ளச் செம்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். சாவியைக் கொடுக்கும்போது இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பதமாகப் போடணும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தான். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

இப்போது பள்ளியில் யாராவது திரை மினுக்குகிறது என்றால், முதலில் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொல்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

ஈஸ்டர் அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, மானிட்டரின் மேலிருந்த துண்டை அவனே எடுத்தான். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. என் செட்டிங் எல்லாம் அப்படியே இருந்தது. 120. அடாப்டிவ் சிங்க் 'ஆன்'. படம் எங்கும் வெட்டுப்படாமல் வழுக்கியது. இரண்டு வளைவு நன்றாகவே ஓட்டினான். மூன்றாவதில் இடப்பக்கமிருந்து வந்த காரைப் பார்க்காமல் மோதினான். நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் திரைக்கு நேராக அப்படியே இருந்தான்.

"இல்லக்கா" என்றான். "மின்னல் போயிருச்சு."

இந்தத் தடவை அவன் பொய் சொல்லவில்லை.