ஒட்டு இல்லாத கச்சேரி

சாவி செய்யும் கடைக்கு மேலே, படியேறினால் வலது பக்கம் ஒரு கதவு. பெயர்ப்பலகை கிடையாது. பலகை மாட்டிய கதவைத் தட்டத் தன்னிடம் வருகிறவர்கள் கூசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தெருவில் அவள் பெயர் முடியக்கா. விக் பொருத்துகிறவள்.

உள்ளே கண்ணாடி கடைசியில்தான் வரும். முதலில் வருவது தலை கழுவும் தொட்டி. விக் பட்டறையில் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட்டு வேலை கற்றவள் அவள். முடியை அழகாக்க நிறையப் பேர் இருக்கிறார்கள், அதற்கு அடியில் இருக்கும் தோலைப் பார்க்கத்தான் ஆளில்லை என்று அங்கேயே கண்டுகொண்டாள். அதனால் எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “கடைசியா தலையைக் கழுவினது எப்போ?”

அவளுடைய முதல் வாடிக்கை அவள் நாத்தனார். கணவனின் தங்கை. இருபது வயதில் அந்தப் பெண்ணுக்குத் தலைமுடி வட்டம் வட்டமாகக் கொட்டி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஓர் ஆண்டு அறையை விட்டு வெளியே வராதவளை, தன் கையால் முடிந்த விக்கை வைத்துக் கண்ணாடி முன் நிறுத்தியவள் இந்த அண்ணிதான். இன்று அந்த நாத்தனார் ஓர் இசைக்குழுவின் முன்னணிப் பாடகி. பாட்டின் உச்சத்தில் தலையை ஒரு சுழற்றுச் சுழற்றுவாள். இடுப்பு வரை கூந்தல் பறக்கும், கூட்டம் கத்தும். அது விக் என்பதும், யார் கொடுத்தது என்பதும் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

நகரத்தின் பெரிய அரங்கில் அவள் முதன்முதலாகப் பாட வேண்டிய நாள் அது. காலையில் படியேறி வந்தவள் நெற்றியோரத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, முன்பக்கம் லேசா தூக்குது. கொஞ்சம் பசை வச்சு அமுக்கி விடுங்க, ஓடணும்.”

“உக்காரு. கழட்டிப் பாத்துட்டு வைக்கலாம்.”

“கழட்ட எல்லாம் நேரமில்ல.”

“பசைக்காரிகிட்ட வந்துட்டு அவசரப்பட்டா மூக்குதான் ஒட்டும். உக்காருடி.”

பசை நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, காதோரத்திலிருந்து ஓரம் ஓரமாக ஊறவிட்டாள். இழுக்கவில்லை. பசை தானே இளகிக் கைவிடும்வரை பொறுத்தாள். நெற்றிப் பக்கம் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. அங்கே திரவத்தை வைக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை வைத்து, நூல் நூலாக விடுவித்தாள்.

விக் கழன்றது. பசை பூசிய கோடு நெடுகச் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பின் மேல் சீழ் வைத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். இரண்டு உடைந்து கசிந்தன.

“எப்போ கழட்டின கடைசியா?”

“மூணு வாரம் இருக்கும். தொடர்ந்து நிகழ்ச்சி அண்ணி. ஆனா தினம் ஷாம்பு போட்டுக் குளிச்சேன். கண்டிஷனர் போடக்கூட மறக்கல.”

“முடியைக் குளிப்பாட்டியிருக்க. தலையைப் பட்டினி போட்டிருக்க.” அவள் விக்கின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பழைய பசை, வியர்வை, பவுடர் எல்லாம் அடை அடையாக. “இது நான் குடுத்த பசை இல்லியே.”

“ஃபோன்ல பாத்து வாங்கினேன். மழையில நனைஞ்சாலும் விடாதாம்.”

“காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு தடவி ஒரு நாள் விட்டுப் பாத்தியா?”

பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தெருமுனையில் இருந்த தோல் மருத்துவரிடம் கையோடு அழைத்துப் போனாள். மருத்துவர் மருந்து எழுதினார். ஆறும்வரை அந்தத் தோலில் பசையோ டேப்போ படக்கூடாது, முடிந்தவரை தலையைத் திறந்தே வையுங்கள் என்றார். இன்று மட்டும் என்று நாத்தனார் கெஞ்சியதும், பசை இல்லாமல், அழுத்தாமல், பாடுகிற நேரத்துக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

திரும்பி வந்ததும் நாத்தனார் பசைக் குப்பியை எடுத்து அண்ணி கையில் திணித்தாள்.

“அவர் சொல்வாரு. புண் மேல பஞ்சை வச்சு அதுக்கு மேல ஒட்டுங்க. நான் தாங்கிக்கறேன்.”

“நீ தாங்குவ. தோல் தாங்காது. தழும்பாயிட்டா அப்புறம் எந்தப் பசையும் அங்க சரியா நிக்காது. ஒட்ட மாட்டேன்.”

“மேடையில கழண்டு விழுந்தா நான் செத்தேன் அண்ணி. எங்க அண்ணன் கட்டிட்டு வந்த நாள்லருந்து உங்களுக்கு என்னைப் பாத்தா ஆகாது. இன்னியோட உங்களுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல.”

எத்தனை ஆண்டுகள் தன் மடியில் சாய்த்துக் கழுவிய தலை அது. அந்தத் தலைக்குள்ளிருந்து இப்படி ஒரு வார்த்தை. அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனால் கை தளரவில்லை. குப்பியை மூடி அலமாரியில் வைத்தாள்.

“பாதி சரி. இன்னிக்கு ஒட்டு இல்ல. உறவைத் துண்டிக்க உங்க அண்ணனாலயே முடியல, உன்னால ஆகுமா. சாய்.”

நாத்தனாருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தொட்டியில் தலையைச் சாய்த்தாள்.

மிதமான ஷாம்புவை நுரைத்து, நகம் படாமல் விரல்நுனியால் கழுவினாள் அண்ணி. நுரை தங்காமல் அலசினாள். தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். பிறகு மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு, அவளுக்கென்று செய்து வைத்திருந்த மாற்று விக்கோடு தையலுக்கு உட்கார்ந்தாள். கழற்றியதைக் கழுவலாம், ஆனால் மாலைக்குள் காயாது. ஈரமாக வைத்தால் அதுவே அடுத்த நோய்.

உள்ளே காதுக்குக் காது பிடரி வழியாக மென்மையான எலாஸ்டிக் பட்டை தைத்தாள். பிடி முழுவதும் புண் இல்லாத பின்பக்கத்துக்குப் போயிற்று. நெற்றி ஓரத்துக்குள் மெல்லிய பருத்தித் துணி. ஓரம் தெரியாமலிருக்க முன்முடியைக் கொஞ்சம் நெற்றியில் விழ வெட்டினாள். மாட்டிக் குனியச் சொன்னாள், நிமிரச் சொன்னாள். அசையவில்லை.

“இது நிக்கும். ஆனா சுழட்டினா நான் பொறுப்பில்ல.”

“சுழட்டலன்னா என்னை யாரு பாப்பா?”

“பாக்க வேணாம். கேக்கட்டும்.”

மாலையில் குழுத் தலைவர் முகம் சுளித்தும், துள்ளல் பாட்டை நடுவில் தள்ளி, மெதுவான பாட்டில் தொடங்குகிறேன் என்று நாத்தனார் அடம்பிடித்தாள். மேடையின் ஓரத்திலிருந்து அண்ணி பார்த்தாள். பாட்டு உச்சத்துக்குப் போய், தலையைச் சுழற்ற வேண்டிய இடம் வந்தது. கூட்டம் காத்திருந்தது. தலை அசையவில்லை. கழுத்து அசையவில்லை. குரல் மட்டும் ஏறி, ஏறி, அரங்கின் கடைசி வரிசை வரை போய் நின்றது. யாரும் கத்தவில்லை. பிறகு தட்டியபோது, அத்தனை பெரிய அரங்கில் அண்ணியின் நெஞ்சு மட்டும் இடம் போதாமல் விம்மியது.

நிகழ்ச்சி முடிந்து ஒப்பனை அறைக்கு வந்ததும், வாத்தியக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே நாத்தனார் விக்கைக் கழற்றி அண்ணியிடம் நீட்டினாள். வெறும் தலையோடு மின்விசிறி முன் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“அப்பாடா. காத்து.”

வழுக்கைத் தலை டிரம்ஸ்காரர்தான் முதலில் வாய் திறந்தார். “இத்தனை வருஷம் நான் மட்டும் தனியா காத்து வாங்கிட்டிருந்தேன். கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, எனக்கும் வரட்டும்.”

சிரிப்பு அடங்கியபின், குழுவிலேயே அடர்ந்த சுருள்முடிக்காரரான கீபோர்டுக்காரர் அண்ணியின் பக்கம் மெல்ல நகர்ந்து வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, எனக்கும் உச்சியில ஒரு துண்டு ஒட்டியிருக்கு. ரொம்ப அரிக்குது. நாளைக்கும் நிகழ்ச்சி இருக்கு. மேலாக்கக் கொஞ்சம் பசை மட்டும்...”

அண்ணி பேசுமுன் நாத்தனார் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள். குரலில் அப்படியொரு பெருமை.

“அது எங்க அண்ணி. முடிதான் அவங்க தொழில். ஆனா முடியாதுன்னா முடியாதுதான். காலையில முதல் ஆளா போய்த் தலையைக் கழுவிக்கோங்க.”