இணைப்பில் போன விண்ணப்பம்

செஞ்சியில் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் ஆபீசில் உட்கார்ந்திருந்தால், அவன் ஊருக்கே நேர்ந்துவிட்ட ஆள். ரேஷன் கார்டு திருத்தம், பான் கார்டு, மச்சினன் மகளின் காலேஜ் அப்ளிகேஷன் எல்லாம் அவன் தலையில்தான். எங்கள் தனியார் பள்ளி அலுவலகத்தில் அந்த ஆள் நான். வருபவர்களின் காகிதங்களை ஸ்கேன் செய்வேன். மிஷின் போடும் நம்பரே பெயராக எல்லாம் திரையில் கிடக்கும். பெயர் மாற்றிவைக்க எனக்கு நேரமில்லை. நேரமில்லாதபடி என்ன செய்தேன் என்று கேட்டால் டீ குடித்தேன் என்பேன்.

அன்று காலை பத்து மணிக்குத் தாளாளருக்கு ஆசிரியர் வருகைப் பட்டியலை அனுப்பினேன். டீ குடித்துவிட்டு வந்து, போனதா என்று பார்த்தேன். போயிருந்தது. இணைப்பைத் திறந்தேன். பட்டியல் இல்லை. கணக்கு டீச்சர் திண்டிவனத்தில் வேறொரு பள்ளிக்குப் போட்டிருந்த வேலை விண்ணப்பம். போட்டோவும் கையெழுத்துமாக முந்தின நாள் என்னிடம் கொடுத்து, ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னது.

அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதி சில நொடிகளுக்குத்தான் உண்டு. நான் டீயை ஆற்றி ஆற்றிக் குடிக்கிறவன்.

முன்பு ஓர் ஆசிரியை வேறு இடம் தேடுவது தெரிந்து, தாளாளர் அவரை நடு வருஷத்தில் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். கணக்கு டீச்சர் சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடுகிறது. அன்று அமாவாசை. தாளாளர் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். அந்தக் கூட்டத்தில் போனை வெளியே எடுப்பது கஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறு நிமிடம், அவருக்கு டிரைவர் இருக்கிறார், காரில் உட்கார்ந்தே படிப்பார் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் என் குரல்தான். இரண்டாவதைத்தான் நம்பினேன்.

ஓடிப்போய் பி.டி. மாஸ்டரிடம் யோசனை கேட்டேன். வைரஸ் வந்திருக்குது, திறந்தா போனே போயிடும்னு அடிச்சி விடுங்க என்றார். அழகான பொய். அடுத்த நாள் அதற்கு இன்னொரு பொய் தேவைப்பட்டிருக்கும்.

விஷயத்தைக் கணக்கு டீச்சரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. ஓய்வுப் பிரிவேளையில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா சார் பண்ணிட்டீங்க. எங்க நைனாகிட்ட கூட இன்னும் சொல்லல."

நான் எழுதிவைத்திருந்த மன்னிப்பு மெயிலைக் காட்டினேன். பதினேழு வரி. 'தயவுசெய்து', 'பதற்றத்தில்', 'எக்காரணம் கொண்டும்' எல்லாம் இருந்தன. அவர் நிதானமாகப் படித்தார்.

"இதைப் படிச்சா எங்க வீட்டுப் புள்ளையே அதைத் திறந்து பாக்கும் சார். நாலு வரி போதும். பேர் வேணாம், என்ன காயிதம்னும் வேணாம்."

அப்படியே எழுதினேன். பழைய மெயிலுக்கே ரிப்ளை போட்டால் தவறான கோப்பும் மேலேயே தெரியும். அதனால் 'திருத்தம்: வருகைப் பட்டியல்' என்ற தலைப்பில் தனியாக:

"ஐயா, வணக்கம். காலை பத்து மணிக்கு அனுப்பிய மின்னஞ்சலில் வேறொருவரின் தனிப்பட்ட கோப்பு தவறுதலாக இணைந்துவிட்டது. தவறு என்னுடையது. அதைத் திறக்காமல் நீக்கிவிட்டு, ஒரு வரி தெரிவிக்க வேண்டுகிறேன். சரியான பட்டியல் இத்துடன் உள்ளது."

சரியான பட்டியலை அனுப்பும் முன் நான் ஒரு முறை திறந்து பார்த்தேன். அவர் ஒரு முறை பார்த்தார். என்மேல் நம்பிக்கையில்லாமல் நான் இன்னொரு முறை பார்த்தேன்.

பிறகு காத்திருந்தோம். அவர் வகுப்புக்குப் போய்விட்டு, பிரிவேளைக்கு ஒரு முறை வாசலில் வந்து நின்றார். நான் தலையாட்டினேன். திரும்பிப் போனார்.

மூன்று மணிக்குப் பதில் வந்தது. 'இரண்டும் இப்போதுதான் பார்த்தேன். முதல் கோப்பைத் திறக்கவில்லை. நீக்கிவிட்டேன். பட்டியல் சரி.'

டீச்சரிடம் காட்டினேன். அத்தோடு நிறுத்தாமல், நீக்கியது மெயிலின் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் கிடக்கும் என்ற என் அறிவையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தார்.

"முப்பது நாளு பயந்துக்கிட்டு கெடக்க முடியாது சார். நாளைக்கு நானே சொல்லிடறேன்."

மறுநாள் தாளாளர் அறைக்குள் போனார். கதவுக்கு வெளியே ஒரு ரெஜிஸ்டரைப் புரட்டியபடி நின்றேன். எது என்று இன்றைக்கும் தெரியாது. உள்ளே குரல் உயரவில்லை. அதுவே பயமாக இருந்தது. வெளியே வந்தவர், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை இருக்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு போகலாமாம்.

"உங்களையும் கூப்பிடறாரு சார்" என்றார்.

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, 'தவறு என்னுடையது' என்ற அதே வரியோடு உள்ளே போனேன்.