பதினைந்து நொடியில் ஒரு வெல்டிங் கடை

பிள்ளைகளே, நம் வெல்டிங் கடையை மூடிவிட்டு காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்விடலாம் என்று நான் முடிவு செய்திருந்தது உங்களுக்குத் தெரியாது. ஊரே ரெடிமேட் கேட் வாங்க ஆரம்பித்திருந்தது. கடைசியாக ஒரு விளம்பரம் போட்டுப் பார்ப்போம் என்று, சின்னக் கடைகளுக்குச் செல்போனில் பதினைந்து நொடி விளம்பர வீடியோ எடுத்துத் தரும் பெண்ணைத் தேடி ராயபுரம் போனேன். ஒரு மாடி அறைதான் அவளுக்கு ஆபீஸ்.

பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். நம்ம ஊர்ப் பக்கம் விசேஷத்துக்கு வைக்கும் பேனரைப் போலவே வணக்கம், குலதெய்வம், என் அப்பா பெயர், வாடிக்கையாளர்களுக்கு நன்றி எல்லாம் வரிசையாக இருந்தன. அவள் போனில் நேரம் வைத்துப் படிக்கச் சொன்னாள். நன்றிக்கு வந்தபோதே நிறுத்திவிட்டாள்.

"பதினஞ்சு செகண்டு ஓடிப்போச்சுண்ணே. கடை இன்னா கடைன்னே இன்னும் சொல்லல!"

"வணக்கம் சொல்லாம எப்டிம்மா? மரியாதை கெட்டவன்னுவாங்க."

"வூடு பத்திகினு எரியும்போது வணக்கம் சொல்லிகினு இருப்பியா? போன்ல தள்ளிகினே போறவன், அவன் கஷ்டத்தைச் சொன்னாத்தான் நிப்பான். உன்னாண்ட வர்றவங்க முதல்ல இன்னா கேக்குறாங்க?"

யோசித்தேன். "உப்புக்காத்துல கேட்டோட அடிப்பக்கம் இத்துப்போச்சு, புதுசுதான் வாங்கணுமான்னு கேப்பாங்க."

"அதாண்ணே முதல் நாலு செகண்டு! இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்த?"

அடுத்த எட்டு நொடி, நாம் என்ன செய்து தருகிறோம் என்பதற்கு. வெல்டிங் மெஷின், ராடு என்று நான் பெருமை பேசியதை வேண்டாமென்று அடித்துவிட்டாள். மிச்சம் மூன்று நொடி, பார்ப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு. நான் கடை விலாசத்தையும் இரண்டு போன் நம்பரையும் சேர்க்கச் சொன்னேன்.

"மூணு வழி சொன்னா எதுலயும் வரமாட்டாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லு."

கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

'கேட்டோட அடிப்பக்கம் உப்புக்காத்துல இத்துப்போச்சா? புது கேட் வாங்காதீங்க. இத்துப்போன இடத்த மட்டும் அறுத்துட்டு, புது இரும்பு வெச்சு, உங்க வாசல்லயே வெல்டிங் பண்ணித் தர்றோம். கேட்டை போட்டோ எடுத்து இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க.'

பதினான்கு நொடி. இருபது வருஷமாக நான் செய்யும் வேலையை, ஒரு நாளும் இரும்பைத் தொடாத பெண் எனக்கே எடுத்துச் சொன்னாள். கெட்டிக்காரத்தனம் என்றால் அதுதான்.

வீடியோ போட்ட மூன்றாம் நாள் மத்தியானம், விம்கோ நகரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. துருவில் அடிக்கம்பி உதிர்ந்த கேட். அகலம் மூன்றரை அடி என்றும் எழுதியிருந்தார்கள். மறுநாள் வருவதாகப் பதில் போட்டேன். பிறகு கடையில் தனியாக உட்கார்ந்து, அந்த மூன்றரை அடிக்கு ஒரு ஸ்கொயர் பைப்பை அளந்து அறுத்தேன். பற்றவைக்கும் இரண்டு முனைகளை மட்டும் விட்டுவிட்டு, துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் பூசிக் காய வைத்தேன்.