ஒரே மூச்சில் எவ்வளவு

முதலில் கால் விரல்கள் மரத்தன. புதுச் சப்பாத்தின் வேலை என்று நினைத்துப் பழைய சப்பாத்துக்கு மாறினேன். மறுநாள் ஈலிங் பிரோட்வே நிலையத்தின் படிகளில் ஏறும்போது என் முழங்கால்கள் என்னிடம் அனுமதி கேட்காமல் மடிந்தன. அதற்கு இரண்டு வாரம் முன்னால் சரியாக வேகாத கோழிக் காலொன்றைச் சாப்பிட்டு வயிறு கலங்கிக் கிடந்தேன். தனியாகச் சமைக்கும் ஆண்களுக்கு அது ஒரு சாதாரண வாரம். ஆகவே இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை.

வைத்தியர்கள் முடிச்சுப் போட்டார்கள். கோழியில் இருந்த கிருமியை விரட்டப் புறப்பட்ட என் உடம்பின் காவல்படை, ஆள் மாறி என் நரம்புகளின் மேலுறையையே அடிக்கத் தொடங்கிவிட்டதாம். சொந்தக் காவல்காரரிடம் அடி வாங்குவது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல என்று சொன்னேன். அவர்களில் இளையவர் சிரிக்கவில்லை. என் முழங்காலை ரப்பர்ச் சுத்தியலால் தட்டினார். முழங்காலும் அசையவில்லை.

மேற்கு லண்டனில் ஒரு பெரிய வைத்தியசாலையின் நான்காவது மாடியில், ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. கையில் ஏறிய ஊசி வழியே, யாரோ முன்பின் தெரியாதவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த நோய் எதிர்ப்புப் பொருள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஐந்து நாள் மருந்து அது. மருந்து வேலைசெய்யத் தொடங்குமுன் நோய் எவ்வளவு மேலே ஏறும் என்பதுதான் கேள்வி. காலில் இருந்து இடுப்பு, இடுப்பில் இருந்து கை. அதற்கு மேலே நெஞ்சு.

ஆகவே ஊதச் சொன்னார்கள். நாலு மணித்தியாலத்துக்கொரு தடவை சுவாசப் பயிற்சியாளர் ஒருவர், செம்பட்டை முடிக்காரப் பெண், கையில் ஒரு சிறு கருவியோடு வருவார். மூக்கில் ஒரு கிளிப். நெஞ்சு நிறைய இழுத்து, வாயால் கடைசிச் சொட்டுவரை ஊத வேண்டும். மூன்று தடவை ஊதியதில் ஆகக் கூடியதை எழுதிக்கொள்வார். ஒரே மூச்சில் எத்தனை லிட்டர் காற்றை வெளியே தள்ள ஏலும் என்ற அளவு அது. என்னைப்போல ஒருவருக்கு நாலு லிட்டர் வரவேணுமாம். முதல் நாள் எனக்கு மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. மறுநாள் இரண்டே முக்கால். அதற்கடுத்த நாள் இரண்டு புள்ளி ஒன்று.

"ஆனால் நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?" என்றேன். விரலில் கவ்வியிருந்த ஒட்சிசன் மானியைக் காட்டினேன். அது தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"அதை நம்பாதீர்கள்," என்றார் அவர். "அது கடைசியில்தான் விழும். உங்கள் நெஞ்சுத் தசை களைத்துப்போவதை அது முன்கூட்டிச் சொல்லாது. இது சொல்லும்."

அதாவது, விரலில் இருந்தது அரசாங்கப் பத்திரிகை. எதிரி வாசலுக்கு வரும்வரை எல்லாம் நலமென்றே எழுதும்.

"எவ்வளவுக்குக் கீழே போனால்?"

"உங்கள் எடைக்கு ஒன்றரைக்குக் கீழே போனால் தீவிர சிகிச்சைப் பிரிவு. குழாய் வைத்து, மெஷின் உங்களுக்காக மூச்சு விடும். அதைவிட முக்கியம், எவ்வளவு வேகமாக விழுகிறது என்பது."

"குழாய் வைத்தால் பேசலாமோ?"

"ஏலாது."

மூச்சு நிற்கும் என்பதைவிட இது என்னைப் பயப்படுத்தியது. நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைப்பவன். அதாவது கவுன்சில் அலுவலகத்தில் வேலைசெய்து பிழைப்பவன், மற்ற நேரத்தில் தமிழ் வார இதழுக்கு எழுதுபவன். மனைவி போனபோது வீட்டுத் தளபாடங்களில் பாதி போனது. பேச்சு மட்டும் முழுதாக என்னோடு நின்றது.

பார்க்க வந்தவர் ஒருவர்தான். வெஸ்ட் ஈலிங்கில் அம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் கடை வைத்திருப்பவர். பாரிஸில் பத்து வருடம் பாத்திரம் கழுவி, பிள்ளைகளை இங்கிலீஷில் படிப்பிக்க லண்டனுக்கு மாறியவர். என் கட்டுரைகளை வாசித்துவிட்டு அதில் எங்கே சிரிக்க வேணும் என்று என்னிடமே கேட்கும் ஒரே வாசகர்.

"அண்ணை, இந்த ஊதுற சோதினையில எத்தினை வந்தது?"

"ரெண்டு புள்ளி ஒண்டு."

"எத்தினைக்கு?"

"நாலுக்கு."

"அப்ப பாதிதான்." முகம் சுருங்கியது. அவருடைய மூத்த மகள் கணிதத்தில் தொண்ணூற்றிரண்டு எடுத்து வந்தபோது, மிச்சம் எட்டு எங்கே என்று கேட்டவர். "பிராக்டிஸ் காணாது. நாளைக்கு வாறன்."

மறுநாள் வந்தார். கடையிலிருந்து பிறந்தநாள் பலூன் பாக்கெட் ஒன்றோடு.

எங்கள் ஆட்களுக்குச் சோதனை என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு சோதனைக்கும் முதல் டியூஷன், டியூஷனுக்கு முதல் வீட்டில் பயிற்சி என்று வளர்ந்தவர்கள். லண்டனில் சாரதி அனுமதிப் பத்திரத்துக்கும் அப்படித்தான். சுவாசத்துக்கு மட்டும் எப்படி விலக்கு? எனக்கும் அது முழு நியாயமாகப் பட்டது. கைகள் தூக்க ஏலாததால் அவர் பலூனை என் வாயில் வைத்துப் பிடித்தார்.

"இன்னொருக்கா, அண்ணை. வயித்தில இருந்து."

"வாய்... ஓரத்தால... போகுது."

"சாக்குச் சொல்லாதேங்கோ. ஊதுங்கோ."

காலை முழுக்க ஊதினேன். ஒரு சிவப்புப் பலூன் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து மறுபடி சுருங்கியது. அவர் கடை திறக்கப் போகும்போது, "இண்டைக்கு மூண்டுக்கு மேல" என்று ஆசீர்வதித்தார்.

செம்பட்டை முடிக்காரி வந்தார். ஊதினேன். ஒன்று புள்ளி நான்கு. வாயைச் சுற்றிக் காற்று ஒழுகுகிறதென்று முகமூடி வைத்து மீண்டும் பார்த்தார். ஒன்று புள்ளி மூன்று. மூன்றாவதில் அதுவும் இல்லை. அவர் முகத்தில் இருந்த இளமை முழுக்கப் போய்விட்டது. யாரையோ அழைக்கத் திரும்பியவரின் கண், போர்வைக்கு வெளியே தொங்கிய சிவப்புப் பலூனில் விழுந்தது.

"இது என்ன?"

"வீட்டுப்பாடம்," என்றேன்.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கோபிக்கவில்லை, அது இன்னும் வெட்கமாக இருந்தது. "இது நீங்கள் பாஸாக வேண்டிய சோதனை இல்லை. பலவீனமான தசைக்குப் பயிற்சி கொடுத்தால் பலம் வராது, களைப்புத்தான் வரும். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. எப்போது உங்களைக் கீழே தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தெரிய வேண்டும்."

பலூன்களை எடுத்துப்போனார். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து, பேசாமல் கிடக்கச் சொன்னார். தாதி ஒருவரை என் பக்கத்திலேயே நிறுத்தினார். தீவிர சிகிச்சை வைத்தியர் வந்து சேர்வதற்கிடையில் களைப்பு ஆறிவிட்டது என்று எனக்கே தோன்றியது. மறுபடி ஊதினேன். ஒன்று புள்ளி ஆறு.

"பார்த்தீர்களா? ஒன்றரைக்கு மேலே," என்றேன்.

"நேற்று இரண்டு புள்ளி ஒன்று," என்றார் வைத்தியர். நரைத்த தாடிக்காரர், நிதானமான ஆள். "பலூன் திருடியது கொஞ்சம். மிச்சத்தைத் திருடியது நோய். இருமுங்கள் பார்ப்போம்."

இருமினேன். ஒரு பூனைக்குட்டி கூட அதைவிட நன்றாக இருமும்.

"ஒரே மூச்சில் எண்ணுங்கள். எந்த மொழியிலும் பரவாயில்லை."

தமிழில் எண்ணினேன். தமிழில் எண்ணினால் சலுகை கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. அவர் தன் விரல்களை மடித்துக்கொண்டே வந்தார். பத்தைத் தாண்டியதும் பன்னிரண்டு என்ற சொல் பாதியில் அறுந்தது. அவருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் எங்கே அறுந்தது என்று தெரிந்தது.

"மூச்சு முட்டி, எல்லோரும் ஓடி வந்து, அவசரத்தில் குழாய் வைப்பது எனக்குப் பிடிக்காது," என்றார். "ஆறுதலாக, வெளிச்சத்தில், நீங்கள் சம்மதம் சொல்லும் நிலையில் இருக்கும்போது செய்யலாம். கீழே போவோம். இன்னும் விழுந்தால் இன்று பின்னேரமே."

கீழே போனோம். பின்னேரம் ஒன்று புள்ளி இரண்டு. எச்சில் விழுங்குவதும் ஒரு வேலையாகிவிட்டது. சம்மதம் என்றேன்.

"முதலில் யாரோடாவது பேச வேண்டுமா?" என்று அங்கிருந்த தாதி கேட்டார். "கொஞ்ச நாளைக்குக் குரல் இருக்காது."

யோசித்தேன். அக்கா டொரண்டோவில், அவளுக்குச் சொன்னால் தானும் சேர்ந்து மூச்சு முட்டுவாள். கடைக்காரரிடம் பேசினால் தன் பலூன்தான் காரணம் என்று ஆயுள் முழுக்க நினைப்பார். முன்னாள் மனைவியின் புது எண் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு அழைத்தால் வேறு மாதிரி விளங்கிக்கொள்வார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று. அதைச் சொன்னேன். தாதி அழுத்திக் காதோடு பிடித்தார்.

மணி அடித்தது. பிறகு என் குரலே, சென்ற வருடம் பதிந்த உற்சாகத்தோடு, நான் வீட்டில் இல்லை என்று எனக்கு அறிவித்தது. பீப் சத்தம் வந்ததும் பேசினேன். ஏதோ பேசினேன். நன்றாகவே, தடங்கலில்லாமல் பேசியதாக எனக்கு ஞாபகம்.

"வீட்டில் யாருமில்லையா?" என்றார் தாதி.

"இல்லை," என்றேன். அதுதான் நீண்ட நாளைக்குக் கடைசிச் சொல்.

அந்த நீண்ட நாளைப்பற்றி எழுத அதிகம் இல்லை. மெஷின் மூச்சு விட்டது. நான் கூரைப் பலகைகளைப் பார்த்தேன். பிறகு தொண்டையில் ஒரு துளையிட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். ஆங்கில எழுத்துப் பலகையை முன்னால் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டுவார்கள். சரியான எழுத்து வந்தால் கண்ணை மூட வேண்டும். ஒரு பகிடியைச் சொல்லிமுடிக்கத் தாதியின் ஷிப்ட் முடிந்துவிடும். தமிழில் தோன்றியவை தோன்றிய இடத்திலேயே செத்தன. கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கட்டில் கால்மாட்டில் நின்று, கடையில் என்ன விலை ஏறியது என்று சொல்வார். ஒருநாள் திடீரென்று, "நான் ஒண்டும் தெரியாமல் செய்துபோட்டன், அண்ணை" என்று அழுதார். இல்லை என்று சொல்ல எனக்கு ஆடும் தலையும் இல்லை, குரலும் இல்லை. கண்ணை மூடினேன். அவர் அதை, ஓம், உம்மால்தான் என்று எடுத்துக்கொண்டாரோ என்ற கவலை எனக்குப் பல வாரம் இருந்தது.

மருந்து தன் வேலையைச் செய்தது. நரம்புகள் தங்கள் உறையைத் தாங்களே மெல்ல நெய்துகொண்டன. ஒன்று புள்ளி நான்கு, ஒன்று புள்ளி எட்டு என்று எண் ஏறியது. ஏற ஏற மெஷினை முதலில் கொஞ்சம், பிறகு பகல் முழுக்க, பிறகு முழுவதுமாக நிறுத்தினார்கள். குரல் வந்த அன்றே கடைக்காரரிடம், "உம்மால இல்லை" என்றேன். "தெரியும், டொக்டர் சொன்னவர்," என்றார். "ஆனா நீங்கள் கண்ணை மூடினீங்கள்."

பனி பெய்த மாதத்தில் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தேன். அறைகள் குளிர்ந்து கிடந்தன. தொலைபேசியின் சிவப்பு விளக்கு மினுங்கியது. பொத்தானை அழுத்தினேன்.

"நான்தான்," என்றது என் குரல். ஒரு இழுப்பு. "கொஞ்ச நாளைக்கு." இழுப்பு. "வரமாட்டன்." இழுப்பு. "பால்... பழுதாப்போகும்." நீண்ட இழுப்பு. "ஊத்தி... விடு."

ஒவ்வொரு இரண்டு சொல்லுக்கும் ஒருவன் தண்ணீரிலிருந்து தலையை வெளியே எடுப்பதுபோல் இருந்தது. யாராவது அதைக் கேட்டிருந்தால் உடனே புறப்பட்டு வந்திருப்பார்கள். மேலங்கியோடு நின்றபடி இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். பிறகு அடுத்த தகவலுக்குப் போனேன். பல் வைத்தியரிடமிருந்து. ஆறு மாதப் பரிசோதனைக்கு நான் வரவில்லையாம்.