ஊசிப் புத்தகத்தில் என் கையெழுத்து

யுத்த காலத்தில் பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் பட்டாளத்துக்குச் சட்டையும் கூடாரமும் தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். லிங்கராஜபுரத்திலிருந்து நடந்தே போய் வருவேன். கான்வென்ட் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்ததால் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எங்கள் சட்டைப் பிரிவில் அப்படி வாசிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான்.

சம்பளத்துக்கு முந்தின நாள் ஆளுக்கொரு சம்பளச் சீட்டு கொடுப்பார்கள். ஒரு மாதம் என் சீட்டில் மூன்று நாள் 'ஆப்சென்ட்' என்று போட்டுச் சம்பளத்தைப் பிடித்திருந்தார்கள். அந்த மாதம் நான் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. பக்கத்து மெஷின் அக்காவின் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அவருக்கும் அதே மூன்று நாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க அந்த மூன்று நாளும் எங்கள் சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் கூடாரப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார். வேலைக்கு வந்ததற்கு அடையாளமாக மாட்டும் எங்கள் நம்பர் டோக்கன்கள் அந்த நாட்களில் எங்கள் பிரிவுப் பலகையில் தொங்கவில்லை. பலகையைப் பார்த்து வருகை எழுதும் குமாஸ்தா நாங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டார்.

"விட்டுடும்மா. கேக்கப் போனா சூப்பர்வைசருக்குக் கோவம் வரும். நாளைக்கு வேலையே இல்லேன்னுடுவாரு" என்றார் அக்கா. புருஷனை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவர். அவர் பயந்தது நியாயம்தான்.

சாப்பாட்டு மணி அடித்ததும் இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு லேபர் ஆபீசுக்குப் போனேன். வேலையாட்களின் வருகை, சம்பளம், புகார் எல்லாம் அங்கேதான். நான் அறிந்தவரை அதற்கு முன்னால் பெண்கள் யாரும் அந்தப் படி ஏறியதில்லை. வாசலில் இருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே, "பலகையில டோக்கன் இல்ல, அதனால ஆப்சென்ட். நோடம்மா, நாங்க என்ன மாடோது, என்ன செய்ய முடியும்?" என்று கன்னடம் கலந்து சொன்னார்.

"ஆபீசரைப் பார்க்கணும் சார்" என்றேன்.

லேபர் ஆபீசர் மைசூர்க்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு அனுப்பினா சூப்பர்வைசர் வருகை எழுதுற நம்ம டைம் ஆபீசுக்குச் சீட்டு எழுதணும். இங்கே அப்படி ஒண்ணும் வரலையே" என்றார். பிறகு சூப்பர்வைசருக்கு ஆள் அனுப்பினார்.

சூப்பர்வைசர் வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "அனுப்பினேன் சார். எந்த நாள், எத்தனை நாள்னு நினைவில்லை" என்றார்.

"உன்கிட்ட ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?" என்று ஆபீசர் கேட்டார்.

"இருக்கு சார். புதுப் பொண்ணுங்க தினமும் ஊசி ஒடச்சாங்க. ஒடஞ்ச துண்டை ஸ்டோர்ல குடுத்து, அங்க இருக்கற ஊசிப் புத்தகத்துல கையெழுத்துப் போட்டாத்தான் புது ஊசி குடுப்பாங்க. மூணு நாளும் நானும் அக்காவும்தான் போனோம். நான் கையெழுத்துப் போட்டேன், அக்கா கைநாட்டு வச்சாங்க, அதுக்குப் பக்கத்துல அவங்க டோக்கன் நம்பரை நான் எழுதினேன்."

ஸ்டோரிலிருந்து ஊசிப் புத்தகம் வந்தது. ஆபீசர் ஒவ்வொரு தேதியாக விரலை வைத்துப் பார்த்தார். மூன்று தேதியிலும் கூடாரப் பிரிவுக் கணக்கில் என் கையெழுத்து இருந்தது. அக்காவின் கட்டைவிரல் ரேகைக்குப் பக்கத்தில் என் எழுத்தில் அவருடைய நம்பர். சூப்பர்வைசர் குனிந்து பார்த்துவிட்டு, "சரிதான் சார். சீட்டு எழுதாதது என் தப்பு" என்றார். அதை அவர் வாயால் ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை.

ஆபீசர் பதிவேட்டைத் திருத்தித் தம் கையெழுத்தைப் போட்டார். "இந்த மாசச் சம்பளப் பட்டியல் முடிஞ்சுபோச்சு. பிடிச்ச பணம் ரெண்டு பேருக்கும் அடுத்த மாசம் பாக்கியா சேர்ந்து வரும்" என்றார். நான் வெளியே வரும்போது அதே குமாஸ்தா எழுந்து வழி விட்டார். அதைப் பெரிய விஷயமாக யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் நினைத்துக்கொண்டேதான் போனேன்.

சொன்னபடி அடுத்த மாதம் பணம் வந்தது. அக்கா சீட்டை என்னிடம் நீட்டி, 'பாக்கி' என்று எழுதியிருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி, அந்த இங்கிலீஷ் எழுத்துகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அதன்பிறகு எங்கள் பிரிவிலிருந்து யாரை எங்கே அனுப்பினாலும் முதலில் சீட்டு எழுதி டைம் ஆபீசுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்பினார். சம்பளச் சீட்டு வரும் நாட்களில் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு சீட்டாக வாசித்து, எதற்காக எவ்வளவு பிடித்திருக்கிறது என்று சொல்லுவேன். கணக்கு சரியில்லாதவர்களை நானே லேபர் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். நான்கைந்து மாதத்தில் அவர்கள் தாங்களாகவே போய்க் கேட்கத் தொடங்கினார்கள்.