வெளியில் கிடந்த ஏழு காசோலைகள்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். கணக்கு மட்டும் கைவிடவில்லை. நெல் ஆலையில் காசேடு எழுதும் வேலை எனக்கு அப்படித்தான் கிடைத்தது. பத்தொன்பது வருடம் எழுதினேன்.

மாதம் முடிந்ததும் வங்கியிலிருந்து கணக்குக் கூற்று வரும். அதையும் காசேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் சரி போட வேண்டும். இரண்டிலும் இருப்பது போகட்டும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததைத் தனித்தாளில் எழுதி, இரண்டு மீதியையும் ஒன்றாக்க வேண்டும். இணக்கக் கூற்று என்பார்கள். வருடக் கணக்குப் பார்க்க வரும் ஐயா ஒருவர் ஒரு மத்தியானத்தில் சொல்லித் தந்தார். பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

எங்கள் ஆலையில் அந்தத் தாள் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். காரணம் போடியார்மார், வயல்காரர்கள். நெல்லைப் போட்டுக் காசோலை வாங்கிப் போவார்கள். வங்கிக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அலுமாரியில் மடித்த சாறனுக்கு அடியில் வைப்பார்கள். மகளின் கலியாணம், அடுத்த போகத்து விதைப்பு, வீட்டுக்கு ஓடு போடுவது, இப்படி ஏதாவது வந்தால்தான் வெளியே எடுப்பார்கள். கையில் காசு இருந்தால் கடன் கேட்டு ஆள் வரும், காசோலையை யாரும் கடன் கேட்பதில்லை என்பார்கள். ஆறு மாதம் செல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஐந்தாம் மாதம் வரைக்கும் வைத்திருந்தவர்களும் உண்டு. ஆலையின் காசோலை திரும்பியதே இல்லை. அதனால் பயமில்லாமல் வைத்திருந்தார்கள்.

அந்த வருடம் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு ஹாஜியார் உம்றா செய்ய மக்காவுக்குப் போனார். ஆலை அவருடையது. கையெழுத்துப் போடும் பொறுப்பை மருமகனிடம் கொடுத்துவிட்டுப் போனார். மருமகன் நல்ல பிள்ளை. அவசரக்காரர். வயதில் மூத்தவன் என்று என்னைக் காக்கா என்பார்.

திங்கட்கிழமை காலையில் வங்கிக் கூற்றை அவர்தான் முதலில் பிரித்தார். கடைசி வரியை மட்டும் பார்த்தார். இருபத்து மூன்று லட்சத்து எண்பதாயிரம்.

"காக்கா, இவ்வளவு சல்லி சும்மா கிடக்கு. நீங்க ஒண்டும் சொல்லல்லயே."

"அது நம்மட சல்லி இல்ல தம்பி."

"பேங்கில நம்மட பேர்ல கிடக்கு. நம்மட இல்லாம ஆர்ர?"

"போடியார்மார்ர. செக் அவங்கட கையில இரிக்கி."

அவர் சிரித்தார். நெல் அறுக்கும் வெட்டு மெசின் ஒன்றுக்கு முற்பணம் கொடுக்க வேண்டும் என்றார். பதினைந்து லட்சம். மெசின் கொம்பனியின் ஆள் பத்து மணிக்கு வருவான்.

"தாள் எழுதி முடியட்டும். மறுகா பாப்பம்," என்றேன்.

"எழுதுங்க. பத்து மணிக்குள்ள."

உட்கார்ந்தேன். காசேட்டின்படி வங்கியில் இருக்க வேண்டியது ஐந்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து எழுநூற்றைம்பது. வங்கி சொல்வது அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

முதலில் வங்கியின் பக்கம். நிந்தவூர் அரிசி வியாபாரி தந்த காசோலையை மாதத்தின் கடைசி நாள் வங்கி பூட்டிய பிறகு அதன் வாசல் பெட்டியில் போட்டிருந்தேன். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அது எங்கள் ஏட்டில் அன்றே ஏறியது, கூற்றில் ஏறவில்லை. கூட்டினேன். பிறகு நாங்கள் எழுதிக் கொடுத்து வங்கிக்கு வராத காசோலைகள். ஏழு. மாவடிப்பள்ளிப் போடியாரின் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம்தான் பெரியது. வீரமுனை அம்மா ஒருவரின் அறுபதாயிரம் சிறியது. ஏழும் சேர்ந்து இருபத்தொரு லட்சத்து முப்பத்தையாயிரம். கழித்தேன். மிஞ்சியது நான்கு லட்சத்து எண்பத்தையாயிரம்.

அடுத்தது எங்கள் பக்கம். வங்கி தன் கட்டணமாக ஆயிரத்து எழுநூற்றைம்பது வெட்டியிருந்தது. அது எங்கள் ஏட்டில் இல்லை. கழித்தால் ஐந்து லட்சத்து இருபத்தோராயிரம்.

இரண்டும் ஒன்றாக வரவில்லை. முப்பத்தாறாயிரம் இடித்தது.

மருமகன் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினஞ்சு லட்சத்துக்கு எனக்குப் புத்தி சொன்னீங்க. இந்த முப்பத்தாறு எங்க போச்சு காக்கா?"

மூடை தூக்குபவர் ஒருவர் வாசலில் நின்றார். கேட்டிருப்பார்.

பென்சிலைத் திரும்பவும் முதல் வரியில் வைத்தேன். இந்த முறை காசோலை இலக்கத்தை மட்டும் பார்க்கவில்லை, தொகையையும் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் பிடிபட்டது. வங்கி கொடுத்தது இரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரம். அதே இலக்கத்துக்குக் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையில் இருந்தது ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம். காசேட்டிலும் அதேதான். எழுத்து என்னுடையது.

நெல் நிறுத்த நிறைத் துண்டை எடுத்துப் பார்த்தேன். ஞாபகம் வந்தது. அறுவடை நேரம் வாசலில் நெல் பெட்டி இழுத்த உழவு மெசின்கள் வரிசையாக நிற்கும். முதல் பெட்டி இறங்கியதும் அடிக்கட்டையில் தொகையை எழுதிவிடுவேன், வரிசை குழம்பாமல் இருக்க. அந்த ஆளுக்கு முப்பத்து மூன்று மூடை, மூடை ஆறாயிரம். பிறகு இன்னும் ஆறு மூடை வந்தது. காசோலையை முப்பத்தொன்பது மூடைக்குச் சரியாக எழுதினேன். அடிக்கட்டையைத் திருத்தவில்லை. காசேடு எழுதும்போது அடிக்கட்டையைப் பார்த்துத்தான் எழுதுவது.

துண்டை மேசையில் வைத்தேன்.

"பிழை என்ட. சல்லி போகல்ல. ஆறு மூடைட காசு, எழுதாம விட்டுட்டன்."

அவர் துண்டைப் பார்த்தார். "சரி, நாம ஒண்டும் பேசல்ல," என்றார். பேசியது பேசியதுதான்.

முப்பத்தாறையும் கழித்தேன். நான்கு லட்சத்து எண்பத்தையாயிரம். இரண்டு பக்கமும் ஒன்று.

"இதுதான் நம்மட சல்லி. பதினஞ்சுக்கு எழுதினா, ஏழு பேரும் வந்தா பத்து லட்சத்துக்கு மேல குறையும்."

"ஏழு பேரும் ஒண்டா எப்ப வந்திரிக்காங்க?"

"வரல்ல."

"மூணு கிழமையில அரிசி வாங்கின கொழும்புக்காரன்ட சல்லி வந்திரும். அதுக்கிடையில ஆரு வரப்போறான்? நீங்கதானே சொல்ற, சாறனுக்குள்ள வெச்சிக்கிட்டுப் படுப்பாங்க எண்டு."

நான் சொன்னதுதான். கொம்பனியின் ஆள் வந்தான். தேநீர் குடித்தான். காசோலையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான். போடியார்மாரின் அலுமாரி அல்ல அது. அவன் அன்றைக்கே கொண்டுபோய்ப் போட்டிருப்பான்.

மத்தியானம் வங்கியில் கேட்டேன். நிந்தவூர்க் காசோலை தேறிவிட்டது, ஏழில் ஒன்றும் இன்னும் வரவில்லை என்றார்கள். பதினைந்து போனால் கணக்கில் நிற்பது பதினொரு லட்சத்து இருபதாயிரம். வெளியில் இருபத்தொரு லட்சம். மூன்று கிழமை, இருபத்தொரு நாள். ஒரு கலியாணம் வந்தால் தாங்கும். இரண்டு வந்தாலும் தாங்கும்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மாவடிப்பள்ளிக்குப் போனேன். பெரிய காசோலை அங்கேதான் இருந்தது. அதை மூன்று கிழமைக்கு நிறுத்தினால் மற்றது தானாக நிற்கும் என்று கணக்குப் போட்டேன். தாளில் அது சரியான கணக்கு. வெட்டிய வயலெல்லாம் வெறும் அடித்தாளாகக் கிடந்தது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் கறுத்து அசையாமல் நின்றது.

போடியார் முற்றத்தில் சாக்கு உதறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரை போட்டார்.

"என்ன கா, கணக்கப்புள்ள வீடு தேடி வந்திரிக்கார். நெல்லுல கல்லு கிடந்திச்சா?"

"இல்ல மச்சான். சும்மா வந்த."

"நீ சும்மா வாற ஆளில்லயே."

தேநீர் வந்தது. குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன்.

"அந்தச் செக்க இப்ப போடப்போறீங்களா?"

"இல்ல. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பொறகுதான். ஏன்?"

"ஒரு மூணு கிழமைக்குப் போடாம இரிங்க. அதான்."

சாக்கு உதறுவது நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அது அவருக்கும் தெரியும்.

"ஹாஜியார் சுகமா இரிக்காரா?"

"ஓம். அல்ஹம்துலில்லாஹ்."

"ஆலைக்கு ஒண்டும் இல்லயே?"

"ஒண்டும் இல்ல."

"அப்ப கிடக்கட்டும் மச்சான். நாம போடல்ல," என்றார்.

என்னோடு தெரு வரைக்கும் வந்தார். சலாம் சொன்னார். நான் வளைவில் திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் தெருவில்தான் நின்றார். காதில் போன் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வங்கி திறந்தது. ஒன்பதே காலுக்கு அங்கு வேலை செய்யும் மிஸ் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார்.

"உங்கட செக் ரெண்டு வந்திரிக்கி. அஞ்சு நாப்பது ஒண்டு, நாலு பத்து ஒண்டு. ரெண்டு பேரும் ஒண்டா வந்தாங்க. குடுத்திட்டம்."

"கொம்பனிட செக்?"

"அது காலைலயே கழிஞ்சிட்டு."

கழித்துப் பார்த்தேன். ஒரு லட்சத்து எழுபதாயிரம். தாள் தேவைப்படவில்லை.

மருமகனைக் கூப்பிட்டேன். போன் எடுக்கவில்லை. மெசின் பார்க்க அம்பாறைக்குப் போயிருந்தார். பதினொரு மணிக்கு மூன்றாவது வந்தது. மூன்று லட்சத்து அறுபத்தையாயிரம். மிஸ்ஸின் குரல் மாறியிருந்தது.

"கணக்கில சல்லி காணாது. ரெண்டரை மணி வரைக்கும் வெச்சிரிக்கலாம். அதுக்குள்ள சல்லி கொண்டு வருவீங்களா? இன்னும் ஆக்கள் வரிசையில நிக்காங்க. எல்லாரும் உங்கட செக்தான் வெச்சிரிக்காங்க."

ஆலைப் பெட்டியில் இருந்தது நாற்பதாயிரம். என் வீட்டில் இருந்தது பன்னிரண்டாயிரம். வியாபாரிகள் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் இல்லை என்றார். மற்றவர், "நாங்களும் கேள்விப்பட்ட," என்றார். பணம் அவரும் தரவில்லை.

ஒரு மணிக்கு மருமகன் போனை எடுத்தார். சொன்னேன்.

"ஆரு காக்கா அவங்களுக்குச் சொன்ன?"

"நான்தான்."

இரண்டரைக்குக் காசோலை திரும்பியது. போதிய பணமில்லை என்று துண்டு குத்திக் கொடுத்தார்கள். அதை வாங்கியவர் வங்கி வாசலில் எல்லோருக்கும் காட்டினாராம். நான் பார்க்கவில்லை. மற்ற நான்கு பேரும் அங்கு நின்று பார்த்தவர்கள். வீரமுனை அம்மாவும் நின்றார். அவர் அறுபதாயிரத்துக் காசோலையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ஆலைக்கு வந்தார். வங்கியில் நீட்டியிருந்தால் அவருடையது தேறியிருக்கும், கணக்கில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் அப்படியேதான் கிடந்தது.

"தம்பி, நான் உங்கட மாவடிப்பள்ளி ஆக்கள் சொல்லித்தான் வங்கிக்குப் போனேன். எனக்கு இப்ப சல்லி தேவையே இல்ல. இத என்ன செய்யிற?"

பெட்டியில் இருந்த நாற்பதைக் கொடுத்தேன். என்னுடைய பன்னிரண்டையும் கொடுத்தேன். எட்டாயிரத்துக்குத் துண்டு எழுதினேன். காசோலையை வாங்கிக் குறுக்காகக் கோடு இழுத்தேன்.

ஹாஜியார் சொன்ன நாளுக்குப் பத்து நாள் முந்தி வந்து சேர்ந்தார். காணி ஒன்றை ஈடு வைத்து எல்லோருக்கும் கொடுத்தார். மெசினும் வந்தது. வாசலில் நிறுத்தினார்கள். மருமகனை அவர் ஏசியதை நான் கேட்டதில்லை. என்னிடம் ஒரே ஒரு தரம் கேட்டார்.

"தாளில சரியா வந்திச்சா?"

"சரியா வந்திச்சி ஹாஜியார்."

"அப்ப தாள வெச்சிட்டு இரிந்திரிக்கலாமே."

அடுத்த போகத்தில் நெல் குறைவாகத்தான் வந்தது. வந்தவர்கள் காசாகக் கேட்டார்கள், எண்ணி வாங்கினார்கள். மாத முடிவில் கூற்று வந்தது. ஏட்டைத் திறந்து வைத்தேன். வங்கிக் கட்டணம் ஒன்று மட்டும் கழிக்க இருந்தது. வெளியில் ஒரு காசோலையும் கிடக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தது.