ஐந்தாம் வருடப் பதிவு

எனக்கு வேலையில் ஐந்து வருடம் நிறைந்ததை முதலில் ஞாபகப்படுத்தியது உத்தியோகக்காரர்கள் கூடும் அந்த வலைத்தளம்தான். வாழ்த்துகள், ஒரு பதிவு போடுங்கள் என்று கைப்பேசி காட்டியதும் அதைக் கவிழ்த்து வைத்தேன். அரிசி விநியோகிக்கும் எங்கள் நிறுவனம் நான் இருக்கும் கல்முனைக் கிளையை அக்கரைப்பற்றோடு சேர்க்கப் போகிறது, எல்லோருக்கும் இடமிருக்காது என்ற கதை அந்த வாரம்தான் வந்திருந்தது. முடிவெடுக்கும் மேலாளர் கொழும்பில். என் முகத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தளத்தில் எல்லோருடைய பதிவையும் வாசிப்பார்.

உம்மாவிடம் சொன்னேன். "ஊருக்கெல்லாம் சொல்லிக் கண்ணூறு படுத்திக்கிறயா? சும்மா இரி" என்றார். சும்மா இருந்தாலும் பயம் போகவில்லையே.

பயத்தோடேயே எழுதினேன். அல்ஹம்துலில்லாஹ், ஐந்து வருடம் பூர்த்தி. மேலாளரின் வழிகாட்டலுக்கு நன்றி. எனது கடமைகள்: ஓடர் எடுத்தல், லொறி ஒழுங்கு செய்தல், பில் அனுப்புதல், முறைப்பாடுகளுக்குப் பதிலளித்தல். போடுவதற்கு முன், எதிர் மேசையில் கணக்கு வேலை பார்க்கும் அக்காவிடம் நீட்டினேன். காரைதீவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வார்.

"தங்கச்சி, இது ஆள் தேவை விளம்பரம் மாதிரிக் கிடக்கு" என்றார். "உன்னை நிப்பாட்டிப்போட்டு இதையே பேப்பரில போட்டு வேற ஆளை எடுக்கலாம்."

எழுதியதைத் திரும்ப வாசித்தேன். உண்மைதான். அதில் நான் எங்கேயும் இல்லை. அல்லாஹ்வுக்கு நன்றி, மேலாளர் சேருக்கு நன்றி, அதற்குப் பிறகு வேலைகளின் வரிசை. நான் என்று எழுதினால் பெருமையடிப்பதாகிவிடும் என்றே வளர்ந்தவள் நான்.

"அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னது சரி. அதுக்குப் பிறகு நீ என்ன செஞ்சாய்? வரேக்க எப்படி இருந்தாய், இப்ப எப்படி இருக்கிறாய்? அதைச் சொல்லு."

வரும்போது எப்படி இருந்தேன்! தொலைபேசி அடித்தால் முகம் கழுவப் போய்விடுவேன். மழைக்காலத்தில் ரோட்டில் தண்ணீர் ஏறி லொறி நின்றுவிட்டால், கடைக்காரர்கள் தொலைபேசியில் எடுத்து ஏசும்வரை வாயைத் திறக்கமாட்டேன். இப்போது வானம் கறுத்தாலே சாரதிகளிடம் விசாரித்துவிட்டு, கடைக்காரர்களுக்கு நானே எடுத்து, இன்றைக்கு அரிசி வராது என்று சொல்லிவிடுவேன். ஏச்சு குறைந்தது. மற்றக் கிளைக்காரர்களும் அப்படிச் செய்யத் தொடங்கினார்கள்.

"அதை எழுது" என்றார் அக்கா.

"பயந்தாங்கொள்ளி எண்டு தெரிஞ்சிருமே?"

"தெரியட்டும். தொடங்கின இடம் தெரியாட்டி வந்த தூரம் எப்படித் தெரியும்?"

பயத்தில் கொஞ்சம் கூட்டி, மழைக்காலத்தில் ஒரு லொறியும் பிந்தியதில்லை என்று எழுதினேன். அக்கா உடனே அழிக்கச் சொன்னார். லொறி பிந்தத்தான் செய்கிறது, கடைக்காரருக்கு முதலே தெரிகிறது, அவ்வளவுதான் உன் வேலை என்றார். கடமைகளின் வரிசை முழுவதும் போனது. கடைசி வரியாக, கெட்ட செய்தியை மறைக்காமல் முதலில் சொல்லக் கற்றுக்கொண்டேன், அடுத்ததாகப் புதியவர்களுக்கு அதைப் பழக்க விரும்புகிறேன் என்று நின்றது. பிஸ்மில்லாஹ் சொல்லிப் போட்டுவிட்டேன்.

அன்று முழுக்கக் கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கத்தாரிலிருந்து மச்சான்மார் வாழ்த்தினார்கள். மேலாளரிடமிருந்து ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. பதிவை நீக்கிவிடலாமா என்று விரல் போய்ப்போய் வந்தது.

"நீ எழுதினபடி நீயே சேருக்கு எடுத்துக் கேளன்" என்றார் அக்கா.

மதியச் சாப்பாட்டு நேரம். மேலாளருக்கு எடுத்தேன். "சேர், கல்முனையிலிருந்து கதைக்கிறேன். என்ர வேலை இருக்குமா, இல்லையா?"

"உங்கட போஸ்ட் பார்த்தேன். நல்லா இருந்தது" என்றார். "நீங்க அக்கரைப்பற்றுக்கு வாறீங்க. புது ஆட்களைப் பழக்கணும்."

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். எதிரே அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு, கைகளால் என்ன என்ன என்று கேட்டார்.

"ஒரு விசயம்" என்றார் மேலாளர். "கணக்கு வேலை முழுக்கக் கொழும்புக்கு வருது. அங்க கணக்குப் பார்க்கிற அவவுக்கு வேலை இந்த மாதத்தோட முடியுது. கடிதம் வரும். அதுக்கு முதல் நீங்களே சொல்லிருங்க. இப்படியான செய்தி சொல்ல உங்களுக்குத் தெரியும்தானே."

தொலைபேசியை வைத்தேன். ஐந்து வருடத்துக்கு முந்திய பயம் அப்படியே திரும்பி வந்தது. முகம் கழுவப் போய்விடலாம் போலிருந்தது.

"என்னடி, என்ன சொன்னவர்?" என்றார் அக்கா.

என் கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.